முப்பந்தல் காற்றாலையும் மூணு கப்பாசிட்டரும்

நாகர்கோவிலிலேர்ந்து திருநெல்வேலி போற வழியில ஆரல்வாய்மொழி தாண்டினதும், முப்பந்தல்ல வரிசையா காற்றாலைகள் நிக்குமே, இன்னைக்கு அதுக்குள்ள போவோம்.

அங்க இருக்கிற பழைய மாடல் காற்றாலைகள்ல பலது இண்டக்ஷன் ஜெனரேட்டர். அதோட காயில்கள்ல காந்தப்புலம் உருவாகாம மின்சாரம் வராது. அந்தப் புலத்துக்கான ஆற்றலை ஒவ்வொரு சுழற்சியிலும் யாராவது கொடுத்து வாங்கணும். முழுக்க கிரிட்கிட்டயே கேட்டா லைன்ல வீண் கரண்ட் ஓடும். அதனால பக்கத்துலயே கப்பாசிட்டர்களைப் பேரலல்ல மாட்டுவாங்க.

ஏன் பேரலல்? கப்பாசிட்டர்ல ஆற்றல் வோல்டேஜைப் பொறுத்தது: ½CV². பேரலல்ல எல்லாருக்கும் முழு வோல்டேஜ் கிடைக்கும். கணக்குக்கு 100 மைக்ரோஃபாரட் மூணு எடுத்துக்குவோம். 415 வோல்ட் லைனோட உச்சம் சுமார் 590 வோல்ட். அப்போ ஒண்ணுல 17 ஜூல், மூணுலயும் சேர்த்து 52. அதே மூணையும் சீரீஸ்ல போட்டா வோல்டேஜ் மூணா பிரியும். ஒவ்வொண்ணுலயும் ஆற்றல் ஒன்பதுல ஒரு பங்குதான், மொத்தமே 6 ஜூல் கிட்ட. பொருள் அதேதான், மாட்டின விதம்தான் வேற.

இண்டக்டர் இதுக்கு நேர் எதிர். அதுல ஆற்றல் கரண்டைப் பொறுத்தது: ½LI². 10 மில்லிஹென்றி காயில் ரெண்டை, ஒண்ணோட புலம் இன்னொண்ணைத் தொடாம தள்ளி வெச்சு, 10 ஆம்பியர் விடுங்க. சீரீஸ்ல ரெண்டுக்கும் முழு கரண்ட், மொத்தம் 1 ஜூல். பேரலல்ல ஆளுக்கு 5 ஆம்பியர், மொத்தம் கால் ஜூல்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, இதுதான் ஆளைக் கொல்றது. இண்டக்டர்ல கரண்ட் நின்னா ஆற்றலும் போயிரும். ஆனா போகும்போது சும்மா போகாது, ஸ்விட்ச்சைத் திறக்கிற இடத்துல தீப்பொறியாத் தெரியும். கப்பாசிட்டர் அப்படி இல்ல. மெயினை ஆஃப் பண்ணின பிறகும் அந்த 52 ஜூல் சத்தம் இல்லாம உள்ளேயே உக்காந்திருக்கலாம். அதைக் கசிய விடத்தான் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வைக்கிறாங்க. சர்வதேசத் தரம் சொல்றது, 3 நிமிஷத்துக்குள்ள 75 வோல்ட்டுக்குக் கீழ இறங்கணும். ஆனா அந்த ரெசிஸ்டர் அறுந்துபோனா வெளிய ஒரு அடையாளமும் தெரியாது. அதனால காத்திருந்தா மட்டும் போதாது. மீட்டர் வெச்சுப் பார்த்து, டெர்மினல்களை ஷார்ட் பண்ணி எர்த் பண்ணின பிறகுதான் கை வைக்கணும்.

கிரிட் திடீர்னு போற நேரத்துலயும் இந்த ஜோடி சிக்கல் பண்ணும். காத்து இறக்கையைச் சுத்திக்கிட்டே இருக்கும், கப்பாசிட்டரும் காயிலும் ஆற்றலைத் தங்களுக்குள்ளேயே மாத்திக்கிட்டே இருக்கும். வோல்டேஜ் கட்டுப்பாடில்லாம ஏறலாம். அதனால கிரிட் விட்டுப்போன உடனே கப்பாசிட்டரையும் ஜெனரேட்டர்லேர்ந்து கழட்டிவிடுற மாதிரிதான் கன்ட்ரோல் பேனலை அமைப்பாங்க.