எபிசோட்: "விரிசல்"னு மட்டும் எழுதினா பட்டி பூசிட்டுப் போயிடுவாங்க

போன எபிசோட்ல ஊர்ல வீடு ஒழுகுதுன்னு புலம்பினேன், ஞாபகம் இருக்கா? நிறைய பேர் "அப்புறம் என்னாச்சு ப்ரோ"ன்னு கேட்டீங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

எங்க வீடு மரக்காணம் பக்கம். மாடியில நின்னா உப்பளம் தெரியும். 2024 பிப்ரவரியில கான்ட்ராக்டர் சாவி கொடுத்தார். குறை தெரிஞ்சா அவர் செலவுலயே சரிபண்ண வேண்டிய காலம் 12 மாதம்னு ஒப்பந்தத்துல இருந்தது. மொத்தத் தொகை 38 லட்சம். அதுல 5 சதவீதம், அதாவது 1,90,000 ரூபாய், அப்பா பிடிச்சு வச்சிருந்தார். நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப ஹால் கூரை ஒழுகிச்சு. ஜன்னல் சன்ஷேட் அடியில ஒரு நீளமான விரிசல், அதோட ஓரத்துல பழுப்புக் கறை.

அப்பா போன் பண்ணினார். "சார், புயல்ல எல்லா வீட்லயும்தான் ஒழுகுது"ன்னு பதில் வந்தது. கைவசம் இருந்தது ரெண்டரை மாசம்தான்.

ஃப்ரெண்டு ஒருத்தன் "ரேரா சட்டத்துல அஞ்சு வருஷம் இருக்கே"ன்னான். அது ஃப்ளாட், மனை விக்கிற புரமோட்டருக்கு. சொந்த மனையில நாமளே கான்ட்ராக்டர் வச்சுக் கட்டின வீட்டுக்கு ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமும்தான் துணை. வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான்னு உச்ச நீதிமன்றம் 1993-லயே சொல்லியிருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷ அவகாசம் உண்டு.

சரி, நோட்டீஸ். என் முதல் டிராஃப்ட் கோபமா இருந்தது: "கூரை ஒழுகுது, விரிசல் இருக்கு, உடனே சரிசெய்யவும்." இதை யாராவது பக் டிக்கெட்டா அனுப்பினா நானே மூடிட்டுப் போயிருப்பேன்!

முதல்ல புயல் சாக்கை உடைக்கணும். மழை இல்லாத ஒரு நாள் மாடியில வடிகால் வாயை அடைச்சு, ரெண்டு அங்குலத்துக்குத் தண்ணி கட்டி நிறுத்தினோம். மறுநாள் காலையில ஹால் கூரையில ஈரம், அதுவும் கைப்பிடிச் சுவர் தளத்தோட சேர்ற கோட்டுக்கு நேர் கீழ. இப்ப காத்தையும் புயலையும் காரணம் சொல்ல முடியாது, அந்த இணைப்புலதான் கோளாறு.

சன்ஷேட்தான் பெரிய கவலை. பூச்சு விரிசல் வலை மாதிரி மெல்லிசா, திசை இல்லாம ஓடும். எங்களுது கம்பி போற கோட்டுலயே நேரா ஓடுச்சு. கம்பி துருப்பிடிச்சா உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும், அதோட அடையாளம் அது. தளர்ந்து நின்ன ஓரத்தைத் தட்டிப் பார்த்தா கம்பிக்கு மேல கான்கிரீட் 12 மில்லிமீட்டர்தான் இருந்தது. ஒப்பந்தம் ஐ.எஸ். 456 படின்னு சொல்லுது. கடலோரச் சூழலுக்கு அது கேக்குறது 45. அந்த ஒரு இடத்துக்கு மேல நாங்க எதையும் உடைக்கல. அவர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி நாமளே சரிபண்ணிட்டா சாட்சி போச்சு.

போட்டோ ஒவ்வொரு குறைக்கும் ரெண்டு. ஒண்ணு தூரத்துல, எந்த ஜன்னல்னு தெரியுற மாதிரி. இன்னொண்ணு கிட்டத்துல, ஸ்டீல் ஸ்கேல் வச்சு. விரிசல் முடியுற இடத்துல பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதினோம். ரெண்டு வாரத்துல அது கோட்டைத் தாண்டிடுச்சு. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா எடுத்த நேரம் மாதிரியான விவரம் அழிஞ்சிடும், அதனால ஒரிஜினல் ஃபைலை அப்படியே வச்சிருங்க.

நோட்டீஸ்ல ஒரு வரி இப்படி இருந்தது: "குறை 3: தெற்கு ஜன்னல் சன்ஷேட், அடிப்பகுதி. கம்பியை ஒட்டி 1.1 மீட்டர் விரிசல், துருக்கறை. படம் 5, 6. மேல்பூச்சு மட்டும் பூசுவதை ஏற்க இயலாது." கெடுவும் ஒரே தேதி இல்ல. 7 நாள்ல சேர்ந்து பார்வையிட வரணும், 21 நாள்ல மாடி இணைப்பு, 45 நாள்ல சன்ஷேட். தவறினா வேற ஆள் வச்சுச் செஞ்சு, பிடித்தத் தொகையில கழிப்போம். ஒப்புதல் அட்டையோட பதிவுத் தபால்ல ஜனவரி முதல் வாரமே அனுப்பிட்டோம். (2025-ல பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோட இணைச்சுட்டாங்க, இப்ப அனுப்புறவங்க அதுல அனுப்புங்க.)

அஞ்சாம் நாள் ஆள் வந்தார். விரிசலைப் பார்த்துட்டு, "இந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசிடலாம் சார்"ன்னார். அங்கதான் சிக்கல். கான்கிரீட் கலந்த தண்ணியிலயே உப்பு இருந்தா அது உறுப்பு முழுக்கப் பரவியிருக்கும். ஒரு இடத்தை மட்டும் புதுசாக்கினா பக்கத்துலயே துரு வேகமா கிளம்பும். தளம் போட்டப்ப டேங்கர் தண்ணிக்கு ரசீது இருக்கு, சன்ஷேட் போட்ட வாரத்துக்கு இல்ல. அப்பா அந்த நோட்டை நீட்டி, "இந்த வாரம் எந்தத் தண்ணிங்க?"ன்னு கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "போர் தண்ணிதான் சார்."

கான்கிரீட் தூள் லேபுக்குப் போச்சு. ஒரு கன மீட்டர்ல குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது, எங்களுது தாண்டியிருந்தது. தளத்துல எடுத்த தூள் தேறிடுச்சு, அன்னைக்குத்தான் அம்மா நிம்மதியா தூங்கினாங்க.

மாடி இணைப்பைச் சரிபண்ணிட்டு மறுபடி தண்ணி கட்டிப் பார்த்தோம், ஒழுகல. மூணு சன்ஷேட்ல ரெண்டை இடிச்சுப் புதுசா போட்டாச்சு. மூணாவது பாக்கி. 1,90,000 இன்னும் அப்பா கணக்குலதான் இருக்கு.