செக்யூரிட்டி ஏஜென்சியை நாளையே நிறுத்த முடியுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நமது உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ராத்திரி காவலாளி தூங்குகிறார், ஏஜென்சியை நாளையே மாற்றுங்கள்" என்றார். பலர் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. அதனால்தான் செயலாளரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

இங்கே வருவதற்கு முன் நான் குடியிருந்தது 96 வீடுகள் கொண்ட ஒரு வளாகம். அங்கே நான் பொருளாளர். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு மாதம் 2,10,000 ரூபாய் கொடுத்துவந்தோம். ஒரு ஷிப்டுக்கு மூன்று பேர் என்பது பேச்சு. இரவில் இரண்டு பேர்தான் வருவார்கள், பில் மட்டும் மூன்று பேருக்கு வரும். ஒரு நாள் பைக் ஒன்று திருடு போயிற்று. அன்றிரவே கமிட்டி கூடி, ஏஜென்சி மேலாளருக்கு வாட்சப்பில், "நாளை முதல் உங்கள் ஆட்கள் வர வேண்டாம்" என்று அனுப்பினோம். மறுநாளே வேறு ஏஜென்சி வந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பத்து நாள் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. 60 நாள் முன்னறிவிப்பு தராமல் நிறுத்தியதற்கு 4,20,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். தப்பு செய்தவர்கள் அவர்கள், பணம் கேட்பவர்களும் அவர்களா என்று கொதித்தோம். ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படித்த பிறகுதான் எங்கள் தவறு புரிந்தது.

அந்த ஒப்பந்தத்தில் வெளியே வர இரண்டு கதவுகள் இருந்தன. நமது ஒப்பந்தங்களிலும் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும்.

முதல் கதவு, காரணம் சொல்லாமல் முடிப்பது. "இரு தரப்பில் எவரும் 60 நாள் எழுத்து மூல முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். இதில் யார் மேல் குற்றம் என்ற கேள்வியே கிடையாது, எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுக்கும் விலை அந்த 60 நாள்தான். அந்த நாட்களில் அவர்கள் வேலை செய்வார்கள், நாம் பணம் கொடுப்போம்.

இரண்டாவது கதவு, காரணம் காட்டி முடிப்பது. எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை முக்கியமான விஷயத்தில் மீறியிருக்க வேண்டும். ஆனால் மீறினார்கள் என்று தெரிந்த அன்றே முடித்துவிட முடியாது. "மீறலை எழுத்து மூலம் தெரிவித்து, கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் முடிக்கலாம்" என்று எங்கள் ஒப்பந்தம் சொன்னது. அந்த 15 நாள்தான் சரிசெய்ய அவகாசம். அதற்குள் அவர்கள் மூன்றாவது ஆளைப் போட்டுவிட்டால் இந்தக் கதவு அப்போதைக்கு மூடிக்கொள்ளும்.

நாங்கள் செய்தது என்ன? முதல் கதவுக்குரிய 60 நாளையும் கொடுக்கவில்லை, இரண்டாவது கதவுக்குரிய 15 நாளையும் கொடுக்கவில்லை. கையில் நல்ல காரணம் இருந்தும் வழியைத் தவறவிட்டோம். அவர்கள் மீறியதாகத் தொடங்கிய விஷயம், நாங்கள் மீறியதாக முடிந்தது.

சரியாகச் செய்திருந்தால் எப்படிப் போயிருக்கும்? அதே ஒப்பந்தத்தை வைத்தே நாள் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஜூன் 3 அன்று முதல் கடிதம் அனுப்புகிறோம். "சேவை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் அது புகார்தான், அவகாசக் கடிதம் ஆகாது. எந்தப் பிரிவு மீறப்பட்டது, எந்தெந்தத் தேதிகளில் இரவு ஷிப்டில் எத்தனை பேர் வந்தார்கள், எதைச் செய்தால் சரியானதாக ஏற்போம், எத்தனை நாள் அவகாசம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைக்க வேண்டும். காவலாளி தூங்கினார் என்பதை நிரூபிப்பது கஷ்டம். மூன்று கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

கடிதம் ஜூன் 6 அன்று அவர்கள் கையில் கிடைக்கிறது. "கிடைத்த நாளிலிருந்து" என்றால் அந்த நாளை விட்டுவிட்டு எண்ணுவது வழக்கம். ஆகவே ஜூன் 7 முதல் நாள், ஜூன் 21 பதினைந்தாம் நாள். அன்று இரவு வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஜூன் 22 காலை பதிவேட்டைப் பார்த்து, இன்னமும் இரண்டு பேர்தான் என்றால், அன்று இரண்டாவது கடிதம். அதுதான் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம். முதல் கடிதத்திலேயே "15 நாளுக்குள் சரிசெய்யுங்கள், ஆனால் ஜூன் 10 முதல் புது ஏஜென்சி வருகிறது" என்று எழுதிவிட்டால், கொடுத்த அவகாசத்தை நாமே பறித்ததாகிவிடும். நான் பார்த்ததில் இந்தத் தவறுதான் அதிகம்.

அடுத்தது, கடிதம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "அறிவிப்புகள்" என்று ஒரு பிரிவு இருக்கும். யாரும் படிப்பதில்லை. எங்கள் ஒப்பந்தத்தில், ஏஜென்சியின் பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் அல்லது நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றிருந்தது. வாட்சப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் அனுப்பியதோ சூப்பர்வைசரை மாற்றச் சொல்லும்போது பேசும் மேலாளருக்கு.

இங்கே ஒரு நடைமுறை மாற்றத்தையும் கவனியுங்கள். 2025-இல் தபால் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டது. பழைய ஒப்பந்தங்களில் இன்னும் "பதிவுத் தபால்" என்றே இருக்கும். அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பும்போது, பதிவு வசதியும் பட்டுவாடா அத்தாட்சியும் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் அதே நாளில் ஒரு பிரதியை நேரில் கொடுத்து, முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். மறுத்தார்கள் என்ற தபால்காரரின் குறிப்போடு இருக்கும் அந்த உறைதான் சாட்சி. கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். கமிட்டி தீர்மானம் போட்டு, செயலாளர் கையெழுத்திட வேண்டும். பிளாக் பிரதிநிதி கோபத்தில் அனுப்பும் மெயில் சங்கத்தின் கடிதம் ஆகாது.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நம்மிடம் நல்ல காரணம் இருக்கிறது என்றால் எந்தக் கதவில் போவது? என் அனுபவத்தில், இரண்டும் திறந்திருந்தால் பெரும்பாலும் முதல் கதவே நல்லது. கோபத்துக்கு அது ஒத்துவராது. "தப்பு செய்தவனுக்கு ஏன் இரண்டு மாதம் சம்பளம்?" என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு மாதமும் நம் கேட்டில் ஆள் நிற்பார். கொடுக்கும் பணத்துக்கு வேலை கிடைக்கும். வராத ஆளுக்கான தொகையை, ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு, பில்லில் கழிக்கலாம். "இதுவரை நடந்த குறைகள் குறித்த எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு உதவுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் என்ற விநியோகஸ்தருக்கும் இடையிலான வழக்கு. 1991-இன் தீர்ப்புத் தொகுப்புகளில் வந்தது. நிறுவனம் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்தது. அந்தக் காரணம் நிற்கவில்லை. விநியோக உரிமையைத் திருப்பிக் கொடுக்கும்படி நடுவர் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்தத் தரப்பும் 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருந்ததால், அந்த 30 நாளுக்கான இழப்பீடுதான் கிடைக்கும், ஒப்பந்தம் திரும்பக் கிடைக்காது என்றது. ஆகவே, முதல் கதவு ஒப்பந்தத்தில் இருந்தால், இரண்டாவது கதவில் தடுக்கி விழுந்தாலும் அடியின் அளவு பெரும்பாலும் அந்த நோட்டீஸ் காலத்தோடு நின்றுவிடும்.

எங்கள் விவகாரத்திலும் இந்தக் கணக்குதான் உதவியது. அவர்கள் கேட்ட 4,20,000 என்பது இரண்டு மாத முழு பில். ஆனால் இழப்பீடு என்பது உண்மையான நஷ்டத்துக்குத்தான். ஆட்களை வேறு இடத்தில் போட்டு மிச்சப்படுத்திய சம்பளத்தை அவர்கள் நஷ்டமாகக் காட்ட முடியாது. பேசிப் பேசி 1,30,000-இல் முடித்தோம். வீட்டுக்குச் சுமார் 1,350 ரூபாய். அந்த 60 நாளும் புது ஏஜென்சிக்கு முழுப் பணமும் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கதவுதான் சரி என்னும் சமயங்களும் உண்டு. காவலாளியே திருட்டில் பிடிபட்டால் 60 நாள் அவரை வாசலில் வைத்திருக்க முடியாது. சில ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட, சரிசெய்யவே முடியாத மீறலுக்கு அவகாசம் தேவையில்லை என்று தனியாக எழுதியிருக்கும். நம்முடையதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், குறிப்பிட்ட ஆளை உடனே மாற்றச் சொல்லும் உரிமையாவது இருக்கும். முதல் கதவே இல்லாத ஒப்பந்தங்களும் உண்டு. அங்கே காரணம் காட்ட வேண்டும், அல்லது இருவரும் சம்மதித்துப் பிரிய வேண்டும்.

கடைசியாக, நமது ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் அடுத்த காலாண்டில் புதுப்பிக்கப்படுகிறது. அதில் மூன்று திருத்தங்கள் கேட்கிறேன். காரணம் சொல்லாமல் முடிப்பதற்கான நோட்டீஸ் 60 நாளுக்குப் பதில் 30 நாள். ஆறு மாதத்தில் ஒரே மீறலை மூன்றாவது முறை செய்தால் மறுபடி அவகாசம் தேவையில்லை. இந்த வரி இல்லாவிட்டால் 14-ஆம் நாள் சரிசெய்து 20-ஆம் நாள் பழையபடி ஆரம்பிப்பார்கள், நாம் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்றாவது, அறிவிப்புக்கான முறைகளில் ஸ்பீடு போஸ்டையும் இரு தரப்பின் குறிப்பிட்ட மெயில் முகவரிகளையும் பெயர் சொல்லிச் சேர்ப்பது.

போன கூட்டத்தில் எழுந்த பெரியவருக்கு என் பதில்: ஐயா, மாற்றலாம். கமிட்டி தீர்மானித்தால் கடிதத்தை நாளையே அனுப்பலாம். ஆட்களை மட்டும் நாளையே அனுப்ப வேண்டாம்.