தெரிந்தவரும் தெரியாதவரும்: திரைப்படத்தில் தவிப்பும் திடுக்கிடலும்



‘சஸ்பென்ஸ்’ என்னும் சொல்லை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஒரு படத்தின் முடிவை எவரேனும் சொல்ல முற்பட்டால், “சஸ்பென்ஸை உடைக்காதே” என்கிறோம். அவ்விடத்தில் நாம் கருதுவது மறைத்து வைக்கப்பட்ட செய்தியை. ஆனால் அச்சொல் தொங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. மனம் ஒரு முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையையே அது குறிக்கிறது. தமிழில் அதனைத் ‘தவிப்பு’ எனலாம். மறைத்த செய்தி திடீரென வெளிப்படும்போது எழுவது வேறோர் உணர்வு, அது ‘திடுக்கிடல்’. தொல்காப்பியர் மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் புதுமையை முதலில் வைத்தார். திடுக்கிடல் அதனைச் சார்ந்தது. புதுமை தீர்ந்ததும் அதுவும் தீரும்.

இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரை நெடிய நேர்காணல் கண்டார். அதில் அவர் கூறிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்கும் தெரியாது. குண்டு வெடிக்கிறது, பதினைந்து நொடி திடுக்கிடுகிறோம். அதே காட்சியில், குண்டு வைக்கப்பட்டதையும் அது வெடிக்கும் நேரத்தையும் நமக்கு முன்னரே காட்டிவிட்டால், அவ்விருவரின் வெற்றுப்பேச்சே பதினைந்து நிமிடத் தவிப்பாகிவிடுகிறது.

மொழியியல் நோக்கில் இதனை வினாச்சொற்களின் வேறுபாடாகக் காணலாம். திடுக்கிடல் ‘என்ன?’ என்னும் வினாவுக்கு விடை. தவிப்பில் ‘என்ன’ என்பது நமக்குத் தெரிந்துவிட்டது; ‘எப்போது?’, ‘எப்படி?’ என்பவையே எஞ்சி நிற்கின்றன. ஒரே கதையை இருவகையாகவும் சொல்ல இயலும் என்பதற்கு ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) நல்ல சான்று. முடிவு உட்பட அதன் கதையைச் சொல்லியே விளக்க வேண்டியுள்ளது.

ஸ்காட்டி உயரத்தைக் கண்டு அஞ்சும் நோயால் பணியிலிருந்து விலகிய துப்பறிவாளர். பழைய நண்பர் எல்ஸ்டர் தம் மனைவி மேடலினைப் பின்தொடர்ந்து கண்காணிக்குமாறு அவரை வேண்டுகிறார். ஸ்காட்டி அவள்மீது காதல் கொள்கிறார். அவள் ஒரு தேவாலயக் கோபுரத்தின்மீது ஓடி ஏறுகிறாள். அவரால் பின்தொடர்ந்து ஏற முடியவில்லை. ஓர் உடல் கீழே விழுவதைச் சாளரம் வழியே காண்கிறார். பின்னர் ஒருநாள், மேடலினின் சாயலுடைய ஜூடி என்னும் கடைப் பணிப்பெண்ணைத் தெருவில் காண்கிறார்.

இப்படத்துக்கு மூலம் புவாலோ, நார்செஜாக் இருவரும் எழுதி 1954இல் வெளிவந்த பிரெஞ்சு நாவல். இருவரும் ஒரே பெண்தான் என்னும் உண்மை நாவலின் இறுதியில்தான் வெளிப்படுகிறது. ஹிட்ச்காக் அதனைப் படத்தின் மூன்றில் இரு பங்கு கடந்த நிலையிலேயே வெளியிட்டுவிடுகிறார். ஸ்காட்டி ஜூடியின் அறையைவிட்டு வெளியேறுகிறார். படக்கருவி அவருடன் செல்லாமல் அவளுடன் தங்கிவிடுகிறது. அவள் நம் பக்கம் முகத்தைத் திருப்ப, கோபுரத்தில் நடந்தது விரிகிறது. எல்ஸ்டர் தம் உண்மையான மனைவியின் உடலைக் கீழே எறிகிறார். மேடலினாக நடித்த ஜூடி அலறுகிறாள். பின்னர் அவள் ஸ்காட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, அதைக் கிழித்துப் போடுகிறாள்.

இம்மாற்றத்தை உடன் பணியாற்றியோர் எதிர்த்ததாக ஹிட்ச்காக்கே கூறியுள்ளார். வெளியீட்டை ஒட்டியும் அக்காட்சியை வைப்பதா நீக்குவதா என்னும் தடுமாற்றம் இருந்தது. இறுதியில் அது நிலைத்தது. அவ்வாறு நிலைத்ததற்கு இரண்டு நியாயங்கள் நமக்குத் தோன்றுகின்றன. முதலாவது, நாவலில் முகம் என்பது சொற்களால் ஆனது. எழுதுபவர் விரும்பும்வரை மறைக்கலாம். திரையிலோ இரு பாத்திரங்களுக்கும் கிம் நோவாக் என்னும் ஒரே நடிகையின் முகம். பார்வையாளர் பலர் ஊகித்துவிடுவர். ஊகித்த மருமம் இறுதியில் திடுக்கிடச் செய்யாது.

இரண்டாவது நியாயம் இன்னும் முதன்மையானது. அடுத்து வரும் காட்சிகளில் ஸ்காட்டி ஜூடிக்கு மேடலின் அணிந்த அதே சாம்பல்நிற உடையை வாங்கித்தர வற்புறுத்துகிறார். அவள் மறுக்கிறாள். உண்மை நமக்குத் தெரியாதிருந்தால், அந்த மறுப்பு ஒரு பெண்ணின் பிடிவாதமாக மட்டுமே தோன்றும். தெரிந்த பின், அவளுடைய ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்னும் சொல்லிலும் அகப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சமும், தன்னைத் தானாகவே அவர் விரும்பமாட்டாரா என்னும் ஏக்கமும் கேட்கின்றன. சொல் மாறவில்லை, கேட்பவர் அறிவு மாறியதால் பொருள் மாறியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இதுவரை நாமும் ஜூடியும் அறிந்தவர்கள், ஸ்காட்டி அறியாதவர். பின்னர் ஜூடி ஒரு கழுத்தணியை அணிகிறாள். அது மேடலினின் மூதாதை என்று சொல்லப்பட்ட பெண்ணின் ஓவியத்தில் உள்ள அணி. கண்ணாடியில் அதைக் கண்டதும் ஸ்காட்டிக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் அவளை ஊருக்கு வெளியே காரில் அழைத்துச் செல்கிறார். இப்போது நாமும் ஸ்காட்டியும் அறிந்தவர்கள், ஜூடி அறியாதவள். அறிவின் தட்டு இடம் மாறியவுடன் நம் இரக்கமும் இடம் மாறுகிறது. முன்பு ஸ்காட்டிக்காகத் தவித்த நாம், எங்கே போகிறோம் என்று அறியாத அவளுக்காகத் தவிக்கிறோம். கோபுரத்தின் உச்சியில் இருளிலிருந்து ஒரு கன்னிகாஸ்திரீ எழுந்து வர, ஜூடி அஞ்சிப் பின்வாங்கிக் கீழே விழுகிறாள். இந்நிகழ்ச்சியை மட்டும் நாம் சற்றும் எதிர்பார்ப்பதில்லை. நீண்ட தவிப்பை ஹிட்ச்காக் ஒரு திடுக்கிடலால் முடிக்கிறார்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டாலே தவிப்பு வெற்றி பெறும் என்று கொள்ளலாகாது. ஹிட்ச்காக்கின் ‘சபோட்டாஜ்’ (1936) படத்தில் ஒரு சிறுவன் வெடிகுண்டு உள்ள பொட்டலத்தை அறியாமல் சுமந்து செல்கிறான். அது 1.45 மணிக்கு வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும். வழியில் அவன் தாமதிக்கிறான், பேருந்தில் ஏறுகிறான், கடிகாரம் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. குண்டு வெடித்து அவன் இறக்கிறான். பார்வையாளர் சினந்தனர். தாம் செய்தது பிழை என்று ஹிட்ச்காக் பின்னர் ஒப்புக்கொண்டார். அத்தனை நேரம் ஒரு குழந்தைக்காக அஞ்ச வைத்தபின், அந்த அச்சத்துக்கு விடுதலை தராமல் போனதே அவர் கண்ட குறை. தவிப்பு பார்வையாளரிடம் பெறும் கடன் போன்றது. அதனைத் தீர்க்கும் முறையையும் கதை முன்னரே எண்ணியிருக்க வேண்டும்.

வகுப்பறையில் இதனைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு தாளில் மூன்று நிரல்கள் வரைக. முதல் நிரலுக்குப் ‘பார்வையாளர்’ எனவும், மற்ற இரண்டுக்கும் முதன்மைப் பாத்திரங்களின் பெயர்களையும் தலைப்பிடுக. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் யாருக்கு எது தெரியும் என்பதை எழுதுக. மூன்று நிரல்களும் ஒத்திருக்கும் இடத்தில், ‘என்ன நடக்குமோ’ என்னும் ஆவல் மட்டுமே இருக்கும். பார்வையாளர் நிரல் மற்றொன்றைவிட நீண்டிருக்கும் இடத்தில் தவிப்பு தொடங்கும். பாத்திரத்தின் நிரல் பார்வையாளர் நிரலைவிட நீண்டிருந்தால், அங்கே ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது எனக் கொள்ளலாம். மாணவர்கள் தாம் எழுதும் சிறுகதைகளுக்கும் இவ்வாறு நிரலிட்டுப் பார்த்தால், எந்தச் செய்தியை எந்தப் பத்தியில் வைப்பது என்னும் முடிவை அவர்களே எடுக்கக் கற்றுக்கொள்வர்.