இரவில் கதவடைக்கும் கணினி

இரவு 11.45 மணிக்கு மேல் ரயில் டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தைத் திறந்தவர்களுக்குத் தெரியும், 12.20 வரை முன்பதிவு நடக்காது. பராமரிப்பு நேரம். நாமாக இருந்தால் கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்ப்போம். ஆள் இல்லாமல் தானாக ஓடும் நிரலுக்கு அந்தப் பொறுமையை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மருந்துக்கடை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். சரக்கு இருப்புக் கணக்கெல்லாம் தலைமைக் கணினியில். அது தினமும் இரவு 1 மணி முதல் 2 மணி வரை பராமரிப்புக்காக மூடியிருக்கும். அதிலிருந்து மாறிய கணக்குகளை மட்டும் எடுத்து இணையதளத்தில் சேர்க்கும் நிரலோ 1.15க்குக் கிளம்புகிறது. போன வேகத்தில் "Connection refused" என்று பதில் வருகிறது.

"மறுபடி முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறோமே" என்பார்கள். ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது வழக்கமான முறை. கூட்டிப் பாருங்கள், மொத்தமே 31 விநாடிதான். கதவு திறக்க இன்னும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருக்கிறது. வலைத்தொடர்பு கண நேரம் அறுந்தால் இது போதும், பராமரிப்புக்கு உதவாது. அதற்காக விநாடிக்கொரு முறை தட்டிக்கொண்டே இருப்பதும் பயனில்லை. பதிவேடுதான் பிழைச்செய்திகளால் நிரம்பும்.

மூடும் நேரம் தெரிந்ததுதானே? நிரலை 2.15க்குத் தொடங்கினால் போதும். மாதக் கடைசியில் பராமரிப்பு நீளக்கூடும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என நான்கு மணி வரை முயலட்டும். அப்போதும் முடியாவிட்டால்தான் பொறுப்பாளரை எழுப்ப வேண்டும். இன்னொன்று: வேலை முடிய அரை மணி ஆகுமென்றால் 12.50க்குத் தொடங்குவதும் தவறுதான். பாதியில் கதவு சாத்தப்படும்.

இதையெல்லாம்விடக் கெடுதலான பிழை ஒன்று உண்டு. கடைசியாக எந்த நேரம் வரை எடுத்தோம் என்று நிரல் ஒரு குறிப்பு வைத்திருக்கும். எடுக்கத் தொடங்கும்போதே அதை மாற்றிவிட்டால், தோற்றுப்போன இரவிலும் குறிப்பு முன்னேறிவிடும். மறுநாள் நிரல் அதற்குப் பிந்திய மாற்றங்களை மட்டும் எடுக்கும். ஒரு நாள் கணக்கு நடுவில் விழுந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. தீர்ந்துபோன மாத்திரை இருப்பதாக இணையதளம் சொல்ல, வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போதுதான் தெரியும். ஆகவே எடுத்த கணக்கு முழுவதும் பத்திரமாகச் சேர்ந்த பிறகே குறிப்பை மாற்ற வேண்டும்.

இத்தகைய நிரலை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை மணியைத் தோல்வியின் எண்ணிக்கையோடு கட்டாதீர்கள். காலை ஆறு மணிக்கு, கையில் இருக்கும் கணக்கு எத்தனை மணி நேரம் பழையது என்று பார்த்து மணி அடிக்கச் சொல்லுங்கள்.