கேட்டறிந்து கூறுதல்
(அவனியாபுரத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், தொழில் பயிலும் இளைஞர்க்கு நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்தாரை மருத்துவர் என்று உலகம் அழைத்து வந்ததன் காரணம் யாவரும் அறிந்ததே. நம் பாட்டனார் கத்தியோடு மருந்துப் பையும் வைத்திருந்தனர். நம் பாட்டிமார் பிரசவம் பார்த்தனர். அவர்கள் ஒருவனுக்கு மருந்து கொடுக்குமுன் அவன் உண்டதையும் உறங்கியதையும் விசாரித்தார்கள். இன்று நம் சலூன்களில் ஹேர் ஸ்பா, கெரட்டின், கலரிங் என்று பலவற்றை விற்கின்றோம். ஆனால் விசாரிக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டோம். முடிவெட்ட வந்தவரிடம் வேறொரு சேவையை எடுத்துரைப்பது குற்றமன்று. கேளாமல் உரைப்பதே குற்றம். இதனை எங்கள் கடையில் நேர்ந்த ஒரு சம்பவத்தால் விளக்குவோம்.

ஒரு தை மாதம், கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி நுனிமுடி வெட்டிக்கொள்ள வந்தாள். சீப்பை இட்டவுடன் கொத்தாக முடி வந்தது. எங்களிடம் பயிற்சி பெறும் தம்பி அம்முடியை அவள் கண்முன் நீட்டி, “அக்கா, இப்படியே விட்டால் மண்டை தெரிந்துவிடும், ஆறு முறை ஸ்பா செய்தால் நின்றுவிடும்” என்றான். அவள் முகம் வாடியது. பணத்துக்குத் தாயாரைக் கேட்கவேண்டும் என்று கைபேசியை எடுத்தாள். அவ்வேளையில் நாங்கள் அருகே சென்று, “அம்மா, சென்ற மூன்று நான்கு மாதங்களுக்குள் காய்ச்சல் ஏதேனும் வந்ததோ?” என்று ஒன்றே கேட்டோம். ஐப்பசியில் டெங்கு கண்டு ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னாள். அந்த ஒரு விடையில் காரியம் முழுதும் வெளியாயிற்று.

அஃது எவ்வாறெனில், தலையிலுள்ள முடிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து எப்பொழுதும் வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும். அவை சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து பின் உதிரும். அவ்விடத்திலேயே புதுமுடி முளைக்கும். இவ்வகையில் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய அறுவை சிகிச்சையோ நேர்ந்தால், பெருந்தொகையான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. ஆகையால் நோய் தீர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே அவை ஒருசேர உதிர்கின்றன. நோயை மறந்த காலத்தில் முடி கொட்டுவதால் காரணம் விளங்காமல் மக்கள் அஞ்சுகின்றனர். வேர் உயிரோடிருப்பதால் பெரும்பாலோர்க்கு ஆறு மாத அளவில் இவ்வுதிர்வு தானே அடங்கும். ஸ்பாவின் கிரீமோ தோலுக்கு வெளியே நீண்ட முடியை மிருதுவாக்குமேயன்றி, வேரின் ஓய்வை மாற்றாது. ஆறு முறை ஸ்பா முடியும் காலமும் உதிர்வு தானே நிற்கும் காலமும் ஒத்துவந்தால், ஸ்பாவே நிறுத்தியது என்று இருவருமே நம்பிவிடுவர். தம்பி வேண்டுமென்றே பொய் சொன்னான் என்று நாம் கருதவில்லை. அவன் கண்ணுக்கும் அது பலித்ததாகவே தோன்றியிருக்கும். நேர்மைக்கு நல்ல மனம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அப்பெண்ணிடம் இவ்விஷயத்தை விளக்கி, நுனியை மட்டும் வெட்டி, அதற்குரிய கூலியை மட்டும் பெற்றோம். மேலும் ஆறு மாதத்துக்கு மேலும் உதிர்ந்தாலும், வகிடு அகன்றுகொண்டே வந்தாலும், காசளவு வழுக்கை வட்டம் தோன்றினாலும் தோல் வைத்தியரிடம் செல்லவேண்டும் என்றும் கூறினோம். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு முதலியவற்றை அவர்களே சோதித்து அறியவேண்டும். அது நம் நாற்காலியில் தீரும் காரியமன்று.

இச்சம்பவத்துக்குப் பின் எங்கள் கடையில் பயிற்சியை மாற்றினோம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் பத்து நாள் எதையும் சிபாரிசு செய்யலாகாது. கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமே அவர் வேலை. வந்தவர் விரும்புவது யாது, முடிக்கு இதுவரை என்னென்ன போட்டார், அண்மையில் நோய் அல்லது பிரசவம் உண்டா, வாரத்தில் எத்தனை முறை தலைக்குக் குளிக்கிறார் என்னும் நான்கே கேள்விகள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். வாரம் ஒருமுறை குளிப்பவர்க்கு ஏழு நாள் உதிர்ந்த முடி அன்றொரு நாளில் திரண்டு வரும். அதைக் கண்டு அவரும் மிரள்வார், அறியாத தொழிலாளியும் மிரட்டுவார்.

பதினோராம் நாள் முதல் பயில்வோர் இருவர் இருவராய் அமர்வர். ஒருவர் கையில் இரகசியச் சீட்டு ஒன்று இருக்கும்: “பிரசவமாகி நான்கு மாதம்” என்றோ, “கையில் முந்நூறு ரூபாயே உண்டு” என்றோ எழுதியிருக்கும். மற்றவர் கேள்வியால் அதை வெளிக்கொணர வேண்டும். பின்பு சிபாரிசு தகுமாயின், அதன் பயன், அதன் எல்லை, விலை, எத்தனை நாள் நிற்கும் என்பவற்றைச் சொல்லி, செய்யாவிட்டால் கேடில்லை என்பதையும் சொல்லி நிறுத்தவேண்டும். இவை யாவும் கழுத்தில் துணி கட்டுவதற்கு முன்பே முடியவேண்டும். துணி கட்டி, தலை நனைந்தபின் மறுத்துச் சொல்ல எவர்க்கும் கூச்சமுண்டு.

நம் ஊருக்கே உரிய சோதனை ஒன்றுண்டு. தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. போகியன்று நம் கடைகளில் கூட்டம் நெருக்கும். வந்தவர்களிடம் ஹேர் டையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாவு துடிக்கும். கருப்பு டை பலவற்றில் பாராபெனிலின்டயமைன் என்னும் ரசாயனம் உண்டு. அது சிலர்க்கு அரிப்பு, கொப்புளம், கண்ணிமை வீக்கம் உண்டாக்கும். பல வருஷம் ஒன்றும் நேராமல் போட்டவர்க்கும் திடீரென ஒவ்வாமற் போகலாம். கருப்பு மருதாணி என்று விற்கும் தூள்களிலும் இது கலந்திருப்பதுண்டு. ஆகையால் முழங்கை மடிப்பிலோ காதின் பின்புறத்திலோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்தல் வேண்டும். போகியன்று வந்தவர்க்கு அதற்குப் பொழுதேது? ஆதலால் அன்று டையைச் சிபாரிசு செய்வதே இல்லை என்று விதித்துள்ளோம். மார்கழிக் கடைசி வாரத்தில் முடிவெட்ட வருபவரிடமே, “போகிக்கு டை வேண்டுமாயின் இன்றே சோதித்துச் செல்லுங்கள், சோதனைக்குக் காசில்லை” என்போம். அதே வார்த்தை முந்தின வாரத்தில் நேர்மை. போகியன்று சொன்னால் வஞ்சகம்.

இறுதியாக முதலாளிமார்க்கு ஒரு வார்த்தை. கூடுதல் சேவையின் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பையனுக்குக் கமிஷன் வைத்துவிட்டு, நேர்மையைப் போதித்தல் வீண். அவன் வயிறு ஒன்று சொல்லும், நாம் ஒன்று சொல்வோம். அவன் கையால் வேலை செய்துகொண்டவர் மீண்டும் அவனையே தேடி வருவதற்கு வெகுமதி வையுங்கள். வாரந்தோறும் கணக்கேட்டைப் புரட்டுங்கள்: வந்தவர் எல்லார்க்கும் ஒரே சேவை சொல்லப்பட்டிருப்பின், அங்கே கேள்வி கேட்கப்படவில்லை என்று அறிக. “ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்” என்னும் வரி ஏட்டில் ஒன்றேனும் இல்லையெனில், அந்த ஏட்டையே ஐயுறுக.

அக்கல்லூரிப் பெண் ஆடி மாதத்தில் மறுபடி வந்தாள். நெற்றியோரத்தில் புதுமுடி விரலளவு முளைத்திருந்தது. தாயாரையும் உடன் அழைத்து வந்திருந்தாள். தாயார் நாற்காலியில் அமர்ந்ததும், கத்தரியை எடாமல், சீட்டும் பேனாவும் எடுத்து முதற் கேள்வியைக் கேட்டவன் அந்தத் தம்பியே.