அலுவலகத் தரவு வேண்டாம், மாதிரித் தரவு போதும்

தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு நேர்காணல் செல்லும் நம் பிள்ளைகளிடம், "நீங்கள் செய்த டாஷ்போர்டு ஒன்றைக் காட்டுங்கள்" என்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் கையில் இருப்பதோ அலுவலகத்தின் தரவு. அது அமானிதம், வெளியே காட்ட நமக்கு உரிமையில்லை.

"வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டேனே" என்று சிலர் கேட்கிறார்கள். பவர் பிஐ-யில் ஒரு வரைபடத்தை நீக்கினாலும், உள்ளே இறக்கிய அட்டவணை .pbix கோப்பிலேயே இருக்கும். எக்செல் பிவட் அட்டவணை இன்னும் மோசம். மூலத் தாளை அழித்த பிறகும், மொத்தத் தொகையின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் அடியிலிருந்த வரிகள் பெரும்பாலும் புதிய தாளில் வந்து நிற்கும். கோப்பைப் பெற்றவருக்கு இது ஒரு நிமிட வேலை.

இதற்கு மாற்று, எல்லோருக்கும் திறந்திருக்கும் தரவு. அர்வைனிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தரவுக் களஞ்சியத்தில் Online Retail என்ற கோப்பு இருக்கிறது. பிரிட்டனில் இணையம் வழியே பரிசுப் பொருள் விற்ற ஒரு நிறுவனத்தின் 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையான விற்பனை. ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம்.

இதில் மாத விற்பனை வரைபடம் போட்டால் 2011 டிசம்பரில் கோடு சரிந்து விழும். வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதினால் தவறு. அந்த மாதத்தில் ஒன்பதாம் தேதி வரையான தரவுதான் இருக்கிறது.

அடுத்து, அதிகம் விற்ற பொருள் எது என்று பாருங்கள். கடைசி நாளில் ஒரு காகிதப் பறவைப் பொருளுக்கு 80,995 எண்ணிக்கையில் ஓர் ஆர்டர். சில நிமிடங்களில் அதே எண்ணிக்கை ரத்தாகியிருக்கிறது. ரத்தான வரிகளின் InvoiceNo 'C' என்ற எழுத்தில் தொடங்கும். எண்ணிக்கை கழித்தல் குறியோடு இருக்கும். பலர் அந்த வரிகளை மட்டும் வடிகட்டி எறிந்துவிடுகிறார்கள். அப்போது ஒன்றுகூட விற்காத பொருள் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தோடு அதன் மூல ஆர்டரையும் சேர்த்தே கழிக்க வேண்டும்.

ஏறக்குறைய கால்வாசி வரிகளில் CustomerID கிடையாது. மொத்த விற்பனைக் கணக்கில் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் விட்டுவிடுங்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதை டாஷ்போர்டின் கீழே இரண்டு வரி எழுதுங்கள். நான் நேர்காணல் எடுக்கும்போது வண்ணங்களைவிட அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் படிப்பேன்.

மாதிரித் தரவில் ஒரு குறை உண்டு. "என் வேலையால் நிறுவனத்துக்கு இவ்வளவு மிச்சமானது" என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தலைப்பிலேயே "மாதிரித் தரவு" என்று போட்டுவிடுங்கள். அலுவலக அனுபவத்தைக் கேட்டால், எந்த வகைச் சிக்கலைத் தீர்த்தீர்கள் என்பதை எண்களும் பெயர்களும் இல்லாமல் வாயால் சொன்னால் போதும்.