குறியீட்டு விளக்கம் இல்லாத முன்னேற்ற அட்டை
(கல்விக் கழக இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தெருவில் பள்ளியிறுதி கடந்த பிள்ளை எவராயினும், ஒருநாள் அவர் கையில் அடுத்த வீட்டுக் குழந்தையின் முன்னேற்ற அட்டை வந்து சேரும். "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்பார்கள். அட்டையில் மதிப்பெண் இராது. ஏ-2, சி-1, டி என்று எழுத்துகளே இருக்கும். அவற்றின் பொருளை விளக்கும் பட்டியல் அச்சாகியிராது. அச்சாகியிருந்த பக்கம் கிழிந்து போயிருக்கும். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு சொல் அக்குழந்தையின் படிப்பை நிறுத்தவும் கூடும், நீட்டிக்கவும் கூடும். ஆகவே, என் கைக்கு வந்த ஓர் அட்டையைப் பற்றி மட்டும் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. அப்போது ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பறைச் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40. அது வளரறி மதிப்பீடு. பருவ முடிவில் எழுதும் தேர்வுக்கு 60. அது தொகுத்தறி மதிப்பீடு. இரண்டும் சேர்ந்து 100.

2015 சனவரியில் கட்டட வேலைக்குச் செல்லும் ஓர் அக்கா தம் மகளின் எட்டாம் வகுப்பு அட்டையைக் கொண்டுவந்தார். "தம்பி, கணக்கில் சி, சமூக அறிவியலில் டி என்று வந்திருக்கிறதாம். சி என்றால் பெயில் என்கிறார் இவள் அப்பா. எட்டோடு நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிடலாம் என்று அவருடைய அண்ணன் சொல்கிறார்" என்றார். அட்டை ஒரே தாள். விளக்கப் பட்டியல் இல்லை. அந்தப் பட்டியல் அன்று எனக்கும் மனப்பாடமில்லை.

"சி என்றால் பரவாயில்லை அக்கா" என்று ஆறுதல் சொல்லிவிடுவது எளிது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால், தந்தையார் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் வேறுபாடு என்ன? எனவே, "திருத்திய விடைத்தாள்கள் வீட்டில் இருக்கின்றனவா?" என்று கேட்டேன். மகள் ஓடிப்போய் நான்கு தாள்களை எடுத்து வந்தாள். பூட்டைத் திறக்கும் சாவி அந்தத் தாள்களில்தான் இருந்தது.

அட்டையில் ஒவ்வொரு பாடத்திற்கும் மூன்று கட்டங்கள்: வளரறி, தொகுத்தறி, மொத்தம். விடைத்தாளில் இருப்பது தொகுத்தறித் தேர்வின் மதிப்பெண். அதனை நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, அட்டையில் அதே கட்டத்திலுள்ள எழுத்தின் அருகே எழுதினேன். தமிழில் 60க்கு 44, நூற்றுக்கு 73, எழுத்து பி-1. அறிவியலில் 39, நூற்றுக்கு 65, எழுத்து பி-2. ஆங்கிலத்தில் 27, நூற்றுக்கு 45, எழுத்து சி-2. கணக்கில் 22, நூற்றுக்கு ஏறத்தாழ 37, எழுத்து டி.

இந்நான்கையும் வரிசையாக வைத்தால் ஏணியின் படிகள் தெரிகின்றன. 65 பி-2; 45 சி-2. சி-1 என்பது இவ்விரண்டிற்கும் இடையில்தான் இருக்க முடியும். ஆகவே, கணக்கின் மொத்தத்தில் வந்த சி-1 தோல்வியன்று. நூற்றுக்குப் பாதியை ஒட்டிய நிலை. இதனைப் பட்டியல் இல்லாமலே உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் 51இல் தொடங்குகிறதா, 55இல் தொடங்குகிறதா என்பதைச் சொல்ல முடியாது. "எல்லைக்கோடு தெரியவில்லை அக்கா, பள்ளியில் கேட்க வேண்டும்" என்று அதையும் சொன்னேன். பின்னர்ப் பள்ளியில் பட்டியல் கிடைத்தது. 91 முதல் 100 வரை ஏ-1. அடுத்த ஒவ்வொரு பத்துக்கும் ஒரு படியாக ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2. 33 முதல் 40 வரை டி. அதற்குக் கீழே இ-1, இ-2. சி-1 என்பது 51 முதல் 60 வரை.

சமூக அறிவியலின் கதை வேறு. வளரறிக் கட்டத்தில் ஏ-2, தொகுத்தறிக் கட்டத்தில் 'ஏபி', மொத்தத்தில் டி. 'ஏபி' என்பதை ஏ என்றும் பி என்றும் இரு நல்ல தரங்களாகப் படித்து, பிறகு டி எப்படி வந்தது என்று வீட்டார் குழம்பியிருந்தார்கள். அது தரமன்று, தேர்வுக்கு வரவில்லை என்பதன் சுருக்கம். விடைத்தாள் ஐந்தாக இல்லாமல் நான்காக இருந்ததற்கும் அதுவே காரணம். "அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள்" என்றார் அக்கா. தேர்வு எழுதாத பிள்ளைக்கு 60க்குச் சுழி. மீதமுள்ள 40ஐ முழுவதும் வாங்கினாலும் மொத்தம் 40ஐத் தாண்டாது; டிக்கு மேலே ஏற வழியே இல்லை. அந்த டி பிள்ளையின் அறிவை அளந்ததன்று. ஒருநாள் காய்ச்சலை அளந்தது.

ஆனால் நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் நான் தவறியவனாவேன். கணக்கின் மூன்று கட்டங்களைப் பாருங்கள்: வளரறி ஏ-2, தொகுத்தறி டி, மொத்தம் சி-1. வகுப்பில் குழுவாகச் செய்தவற்றில் உயர்ந்த தரம். தனியாக எழுதிய தேர்விலோ 60க்கு 22. இரண்டையும் கலந்த சி-1 அந்தப் பள்ளத்தை மூடி மறைக்கிறது. மொத்தத் தரத்தை மட்டும் படிப்பவர் அதனைக் காண மாட்டார்.

குறிப்புக் கட்டத்தில் ஆசிரியர், "கணக்கில் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார். குறிப்பையும் விடைத்தாளோடு ஒப்பிட வேண்டும். வழி சரியாயிருந்து விடை மட்டும் தவறினால் அது கவனக்குறைவு. அவள் தாளிலோ எழுதியவையெல்லாம் பெரும்பாலும் சரி. இயற்கணித வினாக்கள் மட்டும் எழுதப்படாமல் வெறுமையாய்க் கிடந்தன. வருகைக் கட்டத்தைப் பார்த்தேன். நவம்பரில் பல நாள் வரவில்லை. தாய் வெளியூர் வேலைக்குச் சென்றபோது தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருக்கிறாள். அந்நாள்களில் நடந்த பாடம் இயற்கணிதம். கவனக்குறைவு என்றால் பிள்ளையைக் கடிவோம். விடுபட்ட பாடம் என்றால் அதனைக் கற்பிப்போம். செய்ய வேண்டியது அடியோடு மாறிவிடுகிறது.

மறுநாள் அக்கா பள்ளிக்குச் சென்றார். "என் பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?" என்று பொதுவாகக் கேட்கவில்லை, மூன்று கேள்விகளை மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். குறியீட்டுப் பட்டியல் எங்கே? தேர்வுக்கு வராத பாடத்திற்கு மறுதேர்வு உண்டா? இயற்கணிதத்தில் எந்தப் பகுதி விடுபட்டது? மறுதேர்வு கிடைக்கவில்லை. பட்டியலும் பாடப் பகுதிகளின் பெயரும் கிடைத்தன. நம் மாலைப் பள்ளியில் ஆறு வாரம் அப்பகுதிகளை நடத்தினோம். அந்த அட்டையை வைத்துத் தந்தையாரிடமும் கட்டம் கட்டமாகப் பேசினேன். அந்தச் சூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இளைஞர்களே! ஓர் எச்சரிக்கை. ஓர் அட்டையில் கண்டுபிடித்த ஏணியை இன்னோர் அட்டையின்மேல் சாத்தாதீர்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வுச் சான்றிலும் இவை போன்ற எழுத்துகளே உள்ளன. ஆனால் அங்கே ஏ-1 என்பது 91க்கு மேல் என்பதன்று. அப்பாடத்தில் தேறியவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினர்க்குத் தருவது. எழுத்து ஒன்றே, அளவுகோல் வேறு.

ஆகவே, அட்டை கைக்கு வந்தால் விடைத்தாளைக் கேளுங்கள். மொத்தத்தைப் படிக்குமுன் உறுப்புகளைப் படியுங்கள். உறுதியாய்த் தெரிந்தது எது, ஊகித்தது எது என்று பெற்றோரிடம் பிரித்துச் சொல்லுங்கள். ஊகத்தைத் தீர்க்கும் கேள்வியை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கையொப்பமோ கைநாட்டோ அதன் பிறகு இடட்டும்.